நிபந்தனை போட்டுக் கொடுத்த 450 கோடி டாலர்

கேள்வி: வெளிநாடுகள் உதவிக்குப் போடும் நிபந்தனைகளால் நம் இலங்கையில் ஆட்சி உண்மையில் திருந்துமா?

உள்நாட்டில் அதை விரும்பும் பலமான தரப்பு இல்லாவிட்டால் திருந்தாது. மட்டக்களப்பு, அம்பாறைக்காரருக்கு இது கண்முன் நடந்த விஷயம்.

2003 ஜூனில் டோக்கியோ மாநாட்டில் கொடையாளிகள் நான்கு ஆண்டுகளுக்கு 450 கோடி டாலர் தருவதாகச் சொன்னார்கள். அரசுக்கும் புலிகளுக்கும் இடையிலான சமாதானப் பேச்சில் முன்னேற்றம் இருந்தால்தான் காசு என்பது நிபந்தனை. புலிகள் அந்த மாநாட்டுக்கே போகவில்லை. எவ்வளவு முன்னேறினால் எவ்வளவு காசு என்ற அளவுகோலும் தெளிவாக இல்லை. அடுத்த ஆண்டு சுனாமி வந்ததும் நிவாரணப் பணம் தனி வழியில் குவிந்தது. உயிர்கள் மிதக்கும்போது யாரால் காசை நிறுத்திவைக்க முடியும்? நிறுத்தியிருக்கவும் கூடாது.

பிறகு வந்தது சுனாமிப் பொதுக்கட்டமைப்பு. கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள், ஆறு மாவட்டங்களில், அரசும் புலிகளும் சேர்ந்து நிதியைப் பங்கிடுவது திட்டம். கொடையாளிகள் இதை வற்புறுத்தினார்கள். 2005 ஜூனில் கையெழுத்தானது. இதை எதிர்த்து முன்பே அரசை விட்டு விலகியிருந்த ஜே.வி.பி. வழக்குப் போட்டது. ஜூலையிலேயே உயர் நீதிமன்றம் அந்தக் காசு போக வேண்டிய பிராந்திய நிதியத்தை இடைநிறுத்தியது. கல்முனை, மருதமுனைக் கரையில் அத்தனை பேரை இழந்த முஸ்லிம்களுக்கோ ஒப்பமிடும் இடமே தரப்படவில்லை. என் பார்வையில் பெரிய பிழை அதுதான்.

2023இல் ஐ.எம்.எஃப். கேட்ட ஊழல் எதிர்ப்புச் சட்டம் நிறைவேறியது. சட்டம் இயற்றுவதைத் தேதி போட்டுச் சரிபார்க்கலாம், அதனால் அந்த நிபந்தனை எளிது. பலன் தெரிய வேண்டுமானால் அதன் கீழ் எத்தனை வழக்குகள் தீர்ப்புவரை போகின்றன என்று பாருங்கள்.