கழிவு கேட்கிறார்கள், என்ன சொல்ல?

பக்கத்து வீட்டு அக்கா ஒவ்வொரு முறையும் தையல் கூலியைக் குறைக்கச் சொல்கிறார். (வாசகி, பரந்தன்)

"கூலி இதுதான் அக்கா. லைனிங் வேண்டாம் என்றால் 300 ரூபா குறையும்." இதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

1,20,000 ரூபாவுக்கு கேற் ஒன்று பேசினேன். பத்து வீதம் கழிவு கேட்கிறார். பத்து வீதம்தானே, கொடுக்கலாமா? (வெல்டிங் கடைக்காரர், கிளிநொச்சி)

"பத்து வீதம்தானே" என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். தம்பி, கடிதத்தில் நீங்களே எழுதிய கணக்கைப் பாருங்கள். இரும்பும் பெயின்றும் 75,000. ஆள்கூலி, கரண்ட், ஏற்றுக்கூலி 27,000. உங்களுக்கு மிஞ்சுவது 18,000. கழிவு 12,000 போனால் கையில் 6,000. அவருக்குப் பத்து வீதம், உங்களுக்கு உழைப்பில் மூன்றில் இரண்டு.

அப்புறம் நடப்பதும் தெரியும். சிரித்துக்கொண்டே சம்மதித்துவிட்டு, 2 மில்லிமீற்றர் பொக்ஸ் பார் பேசிய இடத்தில் மெல்லியதைப் போடுவார்கள். துருத் தடுப்புப் பெயின்ற் ஒரு பூச்சோடு நின்றுவிடும். மாரி மழை ஒன்று போதும், ஒட்டுகளில் துரு தெரியும், பாரம் தாங்காமல் கேற் தொய்ந்து நிலத்தில் உரசும். ஊர் முழுக்க உங்கள் பெயர்தான் அடிபடும். என் வீட்டு கேற்றை இப்போதும் தூக்கித்தான் திறக்கிறேன்.

இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணை, இந்த வேலைக்கு விலை குறையாது. 2 மில்லிமீற்றர் பார், தடுப்புப் பெயின்ற் இரண்டு பூச்சு. ஒரு வருசத்துக்குள் பிணைச்சல் தொய்ந்தால் நானே வந்து காசில்லாமல் சரிசெய்வேன். 1,10,000க்குள் வேண்டும் என்றால் மேலே உள்ள பூவேலையை விட்டு நேர்க்கம்பி போடலாம்." பூவேலைக்கு இரும்பும் இரண்டு நாள் கூலியும் போகிறது, அதனால் அந்தக் குறைப்பு உங்கள் பையில் இருந்து வராது. விலை குறைந்தால் வேலையும் குறையவேண்டும், அதுவும் அவர் கண்முன்னே. புது விலையையும் அளவையும் துண்டில் எழுதிக் கொடுங்கள்.

கல்யாணப் படம் எடுக்கிறேன். "குறைத்துச் செய், நிறைய ஓடர் பிடித்துத் தருகிறோம்" என்கிறார்கள். (வாசகர், முல்லைத்தீவு)

எவ்வளவு பேசினீர்கள், எவ்வளவு கேட்டார்கள் என்று ஒன்றும் எழுதவில்லை. நான் என்ன சாத்திரமா பார்க்கிறேன்? பொதுவாகச் சொல்கிறேன்: வராத ஓடருக்கு இன்றே கழிவு கொடுக்காதீர்கள். அல்பத்தில் பக்கத்தைக் குறைத்துக் கொடுங்கள். இல்லையென்றால், அவர்கள் அனுப்பும் ஆள் முற்பணம் கட்டிய பிறகு ஒரு பெரிய படம் பிரேம் போட்டுக் கொடுங்கள்.

உழவுக்கு ஏக்கர்க் கூலியைக் குறைக்கச் சொல்கிறார்கள். (உழவு இயந்திரக்காரர், புளியங்குளம்)

ஒற்றை வயலுக்குக் குறைக்காதீர்கள். பக்கத்து வயல்காரர் இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டு ஒரே நாளில் கூப்பிட்டால் குறைக்கலாம், போக்குவரத்து டீசல் உண்மையாகவே மிஞ்சும். "அறுவடைக்குப் பிறகு தருகிறேன்" என்பவருக்கு முழுக்கூலி. அது கடன், கழிவு அல்ல. துண்டு எழுதுங்கள்.