புள்ளி காணாமல் போகும் ஓசிஆர்

> போனில் எடுத்த பக்கத்தை நேராக்கி, மீடியன் ஃபில்டரால் அழுக்கையும் எடுத்துவிட்டேன். அப்படியும் டெசராக்ட் "பக்கம்" என்பதை "பககம" என்றுதான் தருகிறது.

அழுக்கோடு மெய்யெழுத்தின் புள்ளியும் போயிருக்கும், ஃபில்டருக்கு இரண்டும் ஒன்றுதான். சுத்தம் செய்த படத்தைப் பெரிதாக்கி "ம்" மேலே பாருங்கள், புள்ளி இருக்காது. ஃபில்டரை எடுத்துவிட்டு, முதலில் படத்தை இரண்டு மடங்கு பெரிதாக்குங்கள், சாம்பல் நிறத்தில் இருக்கும்போதே சாய்வைத் திருத்துங்கள் (கறுப்பு வெள்ளையாக்கிய பின் சுழற்றினால் ஓரமெல்லாம் பிசிறடிக்கும்), அப்புறம் கறுப்பு வெள்ளையாக்கி, புள்ளியைவிடத் தெளிவாகச் சிறிய துணுக்குகளை மட்டும் நீக்குங்கள்.

பிழையை எழுத்துக் கணக்கில் அளந்து பாருங்கள். "பக்கம்" யூனிகோடில் 6 குறிகள், 2 போனால் 33% பிழை. நாம் படிப்பதோ 4 எழுத்து, அதில் 2 தப்பு, அதாவது 50%. ஒப்பிடும் முன் ஓசிஆர் தந்த கோப்பு, சரியான உரைக் கோப்பு இரண்டையும் யூனிகோடின் `NFC` வடிவத்துக்கு ஆக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடிகிற "கொ" சரியாக இருந்தாலும் தப்பாகக் கணக்காகலாம்.