வாபஸ் வாங்கிய வழக்கை மறுபடி போட முடியுமா? சிவில் வழக்கு கேள்வி பதில்

இருபத்தாறு வருடமாக சிவில் பக்கம் மட்டும் பார்த்து வருகிறேன். இந்த வாரம் வந்தவற்றில் ஒரே விஷயத்தைச் சுற்றி வந்த கேள்விகளை எடுத்துக்கொண்டேன்.

பட்டுக்கோட்டை பக்கத்திலிருந்து ஒரு விவசாயி: ஐயா, வேலிச் சண்டையில் 2023 ஜூனில் முன்சீப் கோர்ட்டில் நிரந்தர உறுத்துக்கட்டளை கேட்டு வழக்கு போட்டேன். கோர்ட் அனுப்பிய கமிஷனர் வந்து அளந்தபோதுதான் பிராதில் சர்வே நம்பர் 112/2ஏ என்று தப்பாக இருப்பது தெரிந்தது. என் பத்திரத்தில் 112/2பி. மெமோ போட்டு வாபஸ் வாங்கிவிட்டுப் புதிதாகப் போடலாம் என்கிறார் வக்கீல். போடலாமா?

அந்த மெமோவில் கையெழுத்துப் போடாதீர்கள். "வழக்கை மேற்கொண்டு நடத்த விருப்பமில்லை, வாபஸ் பெறுகிறேன்" என்று இரண்டு வரி மெமோ கொடுத்தால் கோர்ட் அன்றே தள்ளுபடி செய்துவிடும். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆனால் அதே விஷயத்துக்காக நீங்கள் திரும்ப வர முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 23வது கட்டளை, 1வது விதி, (4)வது உட்பிரிவு அப்படித்தான் சொல்கிறது.

திரும்பப் போடும் எண்ணம் இருந்தால் அதே விதியின் (3)வது உட்பிரிவில் தனியாக ஒரு மனு, பிரமாணப் பத்திரத்தோடு போட வேண்டும். வெறுமனே "சில குறைபாடுகள் உள்ளன" என்று எழுதினால் போதாது. கமிஷனர் அறிக்கையில் என்ன இருக்கிறது, பிராதில் என்ன நம்பர் இருக்கிறது, பத்திரத்தில் என்ன இருக்கிறது, இதே நிலையில் வழக்கு நடந்தால் ஏன் தோற்கும் என்று வரிவரியாகச் சொல்ல வேண்டும். சொத்தை அடையாளம் காண்பதில் உள்ள குழப்பம் முறைசார்ந்த குறைபாட்டில் வரும் என்று 2017ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மதிப்பீடு தப்பு, கோர்ட் கட்டணம் குறைவு, அரசுக்கு 80வது பிரிவு நோட்டீஸ் கொடுக்காதது இவையும் அந்த வரிசையில்தான். சாட்சி சரியாகச் சொல்லவில்லை, ஆவணம் கைவசம் இல்லை என்பதெல்லாம் அதில் சேராது. அது வழக்கின் பலவீனம்.

அனுமதி கிடைத்தால் உத்தரவின் நகலை வாங்கிப் படியுங்கள். "அதே வழக்கு மூலத்தின் பேரில் புதிய வழக்கு தாக்கல் செய்ய அனுமதி வழங்கப்படுகிறது" என்ற வாசகம் அதில் இருக்க வேண்டும். வழக்கு மூலம் என்றால் வழக்கு போட உங்களுக்கு உரிமை தரும் காரணம்.

சரி, உங்களுக்கு வாபஸ் தேவையா என்பதையும் பார்க்க வேண்டும். எனக்குத் தேவை என்று தோன்றவில்லை. 6வது கட்டளை 17வது விதியில் பிராதைத் திருத்த மனு போட்டு நம்பரை மாற்றலாம். விசாரணை இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றால் கோர்ட் பெரும்பாலும் அனுமதிக்கும். ஆரம்பித்துவிட்டால், கவனமாக இருந்தும் முன்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை என்று காட்ட வேண்டியிருக்கும். கமிஷனர் அளந்த பிறகுதான் தெரிந்தது என்பது உங்களுக்கு நல்ல காரணம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், காலக்கெடு. எதிராளி பதிலுரையில் நிலமே தன்னுடையது என்று எழுதியிருக்கிறாரா பாருங்கள். எழுதியிருந்தால் உறுத்துக்கட்டளை மட்டும் கேட்டால் போதாது, நிலம் உங்களுடையது என்று கோர்ட் அறிவிக்கும் உரிமை விளம்புகையும் சேர்த்துக் கேட்க வேண்டி வரும். அதற்கு, உரிமை முதலில் மறுக்கப்பட்ட நாளிலிருந்து 3 வருடம். பதிலுரை 2023 செப்டம்பரில் வந்து, அதற்கு முன் அவர் மறுத்ததே இல்லை என்றால் 2026 செப்டம்பர் வரைதான். வாபஸ் மனு, அதற்கு எதிர்ப்புரை, வாய்தா, உத்தரவு, நகல் என்று போய்க்கொண்டிருக்கும்போது அந்தத் தேதி தாண்டிவிடும்.

கோயம்புத்தூர், சிறு வியாபாரி: 2022 ஆகஸ்டில் எழுதிய புரோநோட். 2024 ஜனவரியில் வழக்கு போட்டு, 2025 நவம்பரில் கோர்ட் அனுமதியோடு வாபஸ் வாங்கினேன். அனுமதி கையில் இருக்கிறது, இனி எப்போது வேண்டுமானாலும் போடலாம்தானே?

முடியாது, மன்னியுங்கள். அனுமதி என்பது கதவைத் திறந்துவைப்பது மட்டும்தான். 23வது கட்டளை 2வது விதி என்ன சொல்கிறது என்றால், முதல் வழக்கு போடப்படவே இல்லை என்பது போல எண்ணிக் காலக்கெடுவைக் கணக்கிட வேண்டும். உங்கள் நோட்டுக்கு 3 வருடம் 2025 ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது. வாபஸ் உத்தரவு வந்த நாளில் உங்களிடம் போடுவதற்கு வழக்கே இல்லை.

ஒரு வழி மட்டும் பாருங்கள். 2025 ஆகஸ்டுக்குள் அவர் கொஞ்சம் பணம் கொடுத்து நோட்டின் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டாரா? அல்லது கடன் இருப்பதை ஒப்புக்கொண்டு கடிதம் ஏதாவது எழுதிக் கையெழுத்திட்டாரா? அப்படி இருந்தால் அந்தத் தேதியிலிருந்து புதிதாக 3 வருடம் ஓடும். வீட்டில் பழைய காகிதங்களை நிதானமாகத் தேடுங்கள்.

மதுரை, இளம் வழக்கறிஞர்: சார், காலவரையறைச் சட்டம் 14(3) இருக்கிறதே. 2வது விதி இருந்தாலும் அது காப்பாற்றுமே?

சரியாகப் பிடித்தீர்கள், நான் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கோர்ட்டுக்கு அதிகார வரம்பு இல்லை, அல்லது அதைப் போன்ற வேறு குறையால் முதல் வழக்கு தோற்றாக வேண்டும் என்ற காரணத்தால் அனுமதி கொடுத்திருந்தால், அங்கே நல்லெண்ணத்தோடும் கவனத்தோடும் வழக்கு நடத்திய காலத்தைக் கழித்துக்கொள்ளலாம். கோயம்புத்தூர்க்காரர் தம் உத்தரவில் என்ன காரணம் எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். சாட்சி வரவில்லை, சமரசப் பேச்சு நடக்கிறது என்றெல்லாம் இருந்தால் 14 உதவாது. "அதைப் போன்ற வேறு குறை" எது வரை நீளும் என்பதில் தீர்ப்புகள் ஒரே மாதிரி இல்லை.

திண்டுக்கல், பத்திர எழுத்தர்: வாபஸ் ஆன வழக்கில் தீர்ப்பே கிடையாது. தீர்ப்பு இல்லாவிட்டால் 11வது பிரிவு முன்தீர்ப்புத் தடை வராது. அதனால் தாராளமாகத் திரும்பப் போடலாம் என்றுதான் நான் ஆட்களுக்குச் சொல்லி வருகிறேன்.

முதல் பாதி சரி. முன்தீர்ப்புத் தடை வர வேண்டுமானால், அதே தரப்பினருக்கு இடையே, அல்லது அவர்கள் வழி வந்தவர்களுக்கு இடையே, அதே பிரச்சினையை, தகுதியுள்ள கோர்ட் விசாரித்து இறுதியாக முடிவு செய்திருக்க வேண்டும். வாபஸில் அப்படி எதுவும் முடிவாகவில்லை.

ஆனால் கதவில் இரண்டு பூட்டு இருக்கிறது. 11வது பிரிவு ஒன்று, 23வது கட்டளை 1(4) இன்னொன்று. வாபஸ் வாங்கியவரை நிறுத்துவது இரண்டாவது பூட்டு, அதற்குத் தீர்ப்பே தேவையில்லை. தயவுசெய்து இனி அப்படிச் சொல்லாதீர்கள். உங்களைப் போல ஒருவர் சொன்னதை நம்பி மெமோ கொடுத்துவிட்டு, ஏழு மாதம் கழித்து என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்த ஒரு பெரியவரை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மஞ்சள் பையிலிருந்து உத்தரவை எடுத்து நீட்டினார். ஒரே வரி: "வாபஸ் பெறப்பட்டதாகத் தள்ளுபடி, செலவுத்தொகை இல்லை." அதற்கு மேல் நான் செய்ய ஒன்றுமில்லை.

இன்னொன்றும் உண்டு. 1(4) தடுப்பது அதே விஷயத்தை மட்டும்தான். விஷயம் என்றால் சொத்து மட்டும் அல்ல, வழக்கு மூலமும் கேட்கும் பரிகாரமும் சேர்ந்தது என்று 1970லேயே உச்ச நீதிமன்றம் விளக்கிவிட்டது. 2022 வாடகை பாக்கிக்குப் போட்ட வழக்கை அனுமதி இல்லாமல் வாபஸ் வாங்கியவர், 2024 பாக்கிக்குப் புது வழக்கு போடத் தடையில்லை. வீடு அதே வீடுதான், ஆனால் வழக்கு மூலம் வேறு.

நாகர்கோவில், ஒரு அம்மா: அண்ணன்மார் மேல் பாகப்பிரிவினை வழக்கு போட்டேன். பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றார்கள், நம்பி வாபஸ் வாங்கிவிட்டேன், அனுமதி கேட்கவில்லை. இப்போது ஒரு சென்ட் கூடத் தர மாட்டோம் என்கிறார்கள். நான் அவ்வளவுதானா?

இல்லை அம்மா. பாகப்பிரிவினை மற்ற வழக்குகள் மாதிரி இல்லை. சொத்து கூட்டாக இருக்கும் வரை, பங்கைப் பிரித்துக் கேட்கும் உரிமையும் ஓடிக்கொண்டே இருக்கிறது. முன்பு ஒரு வழக்கை வாபஸ் வாங்கியது மட்டுமே அந்த உரிமையைக் கொல்லாது என்று பல உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன.

ஆனால் மூன்று காகிதங்களைத் தேடுங்கள். வாபஸ் சமயத்தில் "என் பங்குக்கு ஈடு பெற்றுக்கொண்டேன்" என்பது போல எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா? விடுதலைப் பத்திரம் ஏதும் பதிவாகியிருக்கிறதா? அண்ணன்மார் பதிலுரையில் "இது கூட்டுச் சொத்தே இல்லை, அவளுக்குப் பங்கில்லை" என்று எழுதினார்களா, எந்தத் தேதியில்? முதல் இரண்டும் இல்லை என்றால் வழக்கு உயிரோடு இருக்கிறது. மூன்றாவது இருந்தால் வெளியேற்றம், அதாவது அன்றே உங்களைக் கூட்டுச் சொத்திலிருந்து ஒதுக்கிவிட்டோம் என்று வாதிடுவார்கள். அந்தத் தேதியிலிருந்து 12 வருடம் ஓடிவிட்டது என்று சொல்ல இடம் கொடுக்கக்கூடாது. தள்ளிப் போடாதீர்கள்.

பத்திர எழுத்தர், மறுபடியும்: அப்போ பாகப்பிரிவினைக்கு முன்தீர்ப்புத் தடையே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

அதுவும் கூடாது. முந்தைய வழக்கில் விசாரணை நடந்து, சொத்து அண்ணனின் சுயார்ஜிதம் என்று கோர்ட் முடிவு சொல்லி, மேல்முறையீடு இல்லாமல் நின்றுவிட்டால் 11வது பிரிவு முழுசாக வரும். அம்மாவின் வழக்கில் அப்படி யாரும் எதையும் முடிவு செய்யவில்லை. அதுதான் வித்தியாசம்.

ஈரோடு, ஜவுளி வியாபாரி: செக் கேஸை வாபஸ் வாங்கினேன். அனுமதி வாங்கவில்லை. திரும்பப் போடலாமா?

அது கிரிமினல் பக்கம், நான் இங்கே பேசும் 23வது கட்டளை அங்கே இல்லை. புகார்தாரர் வாபஸ் வாங்கி மாஜிஸ்திரேட் ஏற்றுக்கொண்டால் எதிரி விடுதலை ஆனதாகத்தான் அர்த்தம். அதே செக்குக்கு மறுபடி புகார் நிற்காது. பணத்துக்காக சிவில் வழக்கு போடக் காலக்கெடு பாக்கி இருக்கிறதா என்று உங்கள் வக்கீலிடம் உடனே கேளுங்கள்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற ஆசிரியை: அனுமதி கேட்டு முறையாக மனு போட்டோம். ஆனால் உத்தரவில் "மனு அனுமதிக்கப்படுகிறது, வழக்கு வாபஸ் பெறப்பட்டதாகத் தள்ளுபடி" என்று மட்டும் இருக்கிறது. புது வழக்கு பற்றி ஒரு வார்த்தை இல்லை. செல்லுமா?

மனுவில் நீங்கள் கேட்டது இரண்டையும் சேர்த்துத்தான். மனுவை அப்படியே அனுமதித்தால் புது வழக்குக்கான அனுமதியும் அதற்குள் அடங்கும் என்று சில தீர்ப்புகள் உண்டு. வெளிப்படையாகச் சொல்லாவிட்டால் அனுமதி இல்லை என்று எதிர்த்தரப்பு வாதிடும், அதற்கும் ஆதாரம் காட்டுவார்கள். வாபஸை மட்டும் கொடுத்துவிட்டு அனுமதியை மறுக்க கோர்ட்டுக்கு வழியில்லை, மறுப்பதானால் மனு முழுவதையும் தள்ளி வழக்கைத் தொடர விட வேண்டும் என்று பல உயர் நீதிமன்றங்கள் சொல்வது உங்களுக்குச் சாதகம். இருந்தாலும் நான் இதில் ரிஸ்க் எடுக்க மாட்டேன். புது வழக்கு போடுவதற்கு முன்னால் அதே கோர்ட்டில் உத்தரவைத் தெளிவுபடுத்தக் கேட்டு ஒரு மனு போடுங்கள். பழைய மனுவின் சான்றிட்ட நகலையும் எடுத்து வையுங்கள், பின்னால் அதுதான் பேசும்.

சேலத்திலிருந்து ஒருவர்: கீழ்க்கோர்ட்டில் ஜெயித்தேன், அப்பீலில் தோற்றேன். இப்போது இரண்டாவது அப்பீலில் மூல வழக்கையே வாபஸ் வாங்கி, குறையைச் சரிசெய்து புதிதாகப் போடலாமா?

கேட்கலாம், கிடைப்பது கஷ்டம். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், இரண்டாவது மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் கொடுத்த இப்படிப்பட்ட அனுமதியை உச்ச நீதிமன்றம் 2000ல் ரத்து செய்தது. எதிராளி தீர்ப்பு வாங்கி அதன் பலனைக் கையில் வைத்திருக்கிறார். தோற்றவர் வாபஸ் என்ற பெயரில் அதை அழித்துவிடக்கூடாது என்பதுதான் காரணம். உங்கள் குறை என்ன என்று எழுதவில்லையே. சாட்சியம் போதாமல் தோற்றிருந்தால் இந்த வழி வேண்டாம், இருக்கும் ஆவணத்தை வைத்து அப்பீலிலேயே போராடுங்கள். பிராதில் உள்ள குறை என்றால் தீர்ப்பு நகல்கள் இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் என்னால் சொல்ல முடியும்.