3,500 ரூபாய் வந்தும் கையில் ஏன் நிற்கவில்லை?

"கடலூர் துறைமுகத்துல மூணு பேர் சேர்ந்து ஏலத்துல மீன் எடுத்துப் பிரிச்சுக்கிறோம். என் பங்கு 3,000 ரூபாய். சங்கரா இருபது கிலோன்னு கணக்கு. ஏலம் கேட்டு எடுத்துத் தர்ற அக்காவுக்குத் தலைக்கு 100. ஐஸ், ஆட்டோவெல்லாம் சில்லறைச் செலவு. வித்த பணம் 3,500-க்கு மேல வருது, மூணு கிலோ மீந்துடுது. தினம் 500 லாபம்னு பார்த்தா, வட்டிக்காரருக்குக் குடுத்ததும் ஒண்ணும் நிக்கல. எங்கே போகுது?"

அந்தச் சில்லறைச் செலவில்தான் போகிறது, அம்மா. காலையில் சுருக்குப் பையிலிருந்து எடுத்த பணத்தை நீங்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. உங்கள் ஊர் விலையில் ஒரு நாளைப் போட்டுப் பார்ப்போம். பங்குக் கூலி 100, ஐஸ் 80, ஆட்டோ போகவர 200, தூக்குக் கூலி 40, சந்தைக் குத்தகைக்காரருக்கு 30, மீன் போட்டுக் கொடுக்கும் பைகளுக்கு 20. மொத்தம் 470 ரூபாய்.

இனி விற்பனை. இருபது கிலோ என்று எடுத்தாலும் தண்ணீர் வடிந்து, நசுங்கியது போக 19 கிலோதான் தராசுக்கு வரும். காலையில் 13 கிலோ 230 ரூபாய்க்குப் போனால் 2,990. வெயில் ஏறியபின் 3 கிலோ 180-க்கு, 540. ஆக 3,530. மீன் விலை 3,000-ஐயும் செலவு 470-ஐயும் கழித்தால் மிச்சம் 60 ரூபாய். அந்த 3,000-ஐ நூற்றுக்கு ஐந்து என்று கடன் வாங்கியிருந்தால் ஒரு நாள் வட்டியே 150. அப்போது 90 ரூபாய் நஷ்டம். கந்துவட்டிக்கு எதிராக 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. இருந்தும் விடியற்காலையில் துறைமுக வாசலில் இந்தப் பணம்தான் கைமாறுகிறது, கேட்பாரில்லை.

ஆகவே உங்கள் லாபம் முழுக்க அந்த மீந்த மூன்று கிலோவில் இருக்கிறது. அதை அன்று மாலையே கிலோ 100-க்குத் தள்ளினால் 300 வரும். நஷ்டம் போய் 210 ரூபாய் கையில் நிற்கும். வாங்கிய விலை 150 ஆயிற்றே, எப்படி 100-க்குக் கொடுப்பது என்று மனசு கேட்காது. ஆனால் நாளைக்கு வைத்தால் மறுபடி ஐஸ் வாங்க வேண்டும், அதுவும் மீனின் எடைக்கு எடை. செவுள் வெளுத்துவிடும். வாடிக்கைக்காரர் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் புது மீனுக்கும் சேர்த்து விலை குறைப்பார். கருவாடு போட்டாலும் மூன்று கிலோ காய்ந்து ஏறக்குறைய ஒரு கிலோதான் மிஞ்சும். அதனால் மீந்த மீனுக்கு அன்றைய கணக்கில் சைபர் போடுங்கள், காசாகக் கைக்கு வந்தபின் வரவு வையுங்கள்.

அடுத்து, ஏலம் எடுத்துத் தருபவர். 100 ரூபாய் கூலி வெளியே தெரிகிற பணம், அதில் குறையில்லை. நான் பயப்படுவது தெரியாத பணத்துக்கு. கூறு 8,400-க்கு முடிந்திருக்கும், உங்களிடம் 9,000 என்று சொல்லிப் பங்கு பிரிப்பார்கள். தலைக்கு 200 போயிற்று, கூலியோடு 300. உங்கள் அக்கா அப்படிச் செய்கிறார் என்று சொல்லவில்லை. ஆனால் ஏலம் முடியும்போது நீங்கள் மூவரில் ஒருவர் பக்கத்தில் நின்று கடைசி விலையைக் காதால் கேட்க வேண்டும். கேட்க விடவில்லை என்றால் அந்த ஆளை விட்டுவிடுங்கள். துறைமுகத்தில் ஏல விலையைத் துண்டுச் சீட்டில் எழுதித் தர ஏற்பாடு இருந்தால் இந்த வம்பே வராது. கண்ணளவில் கூறு கட்டி விற்கிற இடத்தில் பொதுத் தராசு வைக்கச் சொல்லியும் எத்தனையோ கூட்டங்களில் பேசியாகிவிட்டது, தலையாட்டிவிட்டுப் போகிறார்கள்.

ஒரே ஒரு நிலையில் ஏலம் எடுத்துத் தருபவருக்குக் கூடுதலாகக் கொடுப்பது நியாயம். அவரே முதல் போட்டு மீனைக் கொடுத்து, மாலையில் வந்து பணம் வாங்கிக்கொண்டால், உங்களுக்கு வட்டி 150 மிச்சம். அப்போது 100 என்ன, 200 கேட்டாலும் 50 ரூபாய் உங்களுக்கு லாபம்தான். ஆனால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். விலை ஏலத்தில் முடிந்த விலையாக இருக்க வேண்டும். இன்று மீன் நன்றாக இல்லை, எனக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களிடம் இருக்க வேண்டும்; கடன் பாக்கி இருப்பவருக்கு அந்த வாய் இருக்காது, நசுங்கிய கூறு அவர் தலையில்தான் விழும். அன்றைய பாக்கி அன்றே தீர வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் வட்டிக்காரரே தேவலை.

வட்டிக்கு வாங்குவதை நிறுத்த வேண்டுமென்றால், தினம் அந்த 210-லிருந்து 50 ரூபாயைத் தனி டப்பாவில் போடுங்கள். அறுபது வியாபார நாளில் உங்கள் பங்கு 3,000 உங்கள் சொந்தப் பணமாகிவிடும். ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்குள் அது சேர வேண்டுமென்றால் ஜனவரியிலேயே ஆரம்பிக்க வேண்டும்.