வடை குடித்த எண்ணெயை எப்படிக் கணக்கிடுவது?

"வடை சுட அரை லிட்டர் எண்ணெய் ஊற்றினேன், பாதிக்கு மேல் கடாயிலேயே மிச்சம். கலோரிக் கணக்கில் எவ்வளவு எண்ணெய் என்று எழுதுவது?"

கடாயை எண்ணெயோடு, பொரிப்பதற்கு முன்னும் பின்னும் தராசில் வையுங்கள். குறைந்த எடைதான் வெளியே போன எண்ணெய். அரிகரண்டியையும் இரண்டு முறையும் கடாய்க்குள்ளேயே வைத்து நிறுத்தால், அதில் ஒட்டியிருப்பது கணக்கைக் கெடுக்காது.

அளவுக் கப்பில் ஊற்றி அளக்க வேண்டாம். சூட்டில் எண்ணெய் விரிந்து, இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். எடை மாறாது, ஆனாலும் ஆறவிட்டே நிறுங்கள், தராசு பாவம். அடியில் கிடக்கும் மாவுத் தூளை முதலில் அரித்து, எண்ணெயை கடாயிலேயே வடியவிடுங்கள். இல்லாவிட்டால் தூளின் எடையும் மிச்ச எண்ணெயாகச் சேர்ந்துவிடும்.

போன வாரம் 12 உளுந்து வடை சுட்டேன். முன்பு 1,460 கிராம், பின்பு 1,372. வித்தியாசம் 88. வடையை வைத்த டிஷ்யூ பேப்பர் 6 கிராம் கூடியிருந்தது; அதைக் கழித்தால் 82. ஒரு வடைக்கு ஏறக்குறைய 7 கிராம் எண்ணெய். கிராமுக்கு 9 கலோரி, ஆக எண்ணெயால் மட்டும் 60 சொச்சம். அடுப்பைச் சுற்றித் தெறித்ததும் இதில் அடக்கம், அதனால் உண்மை கொஞ்சம் குறைவாகவே இருக்கும்.

சிலர் வடையையே முன்னும் பின்னும் நிறுக்கிறார்கள். அது சரிவராது. மாவிலிருந்த தண்ணீர் ஆவியாகிப் போகும் இடத்தில்தான் எண்ணெய் ஏறுகிறது. எண்ணெய் குடித்த வடை பச்சை மாவைவிட லேசாகக்கூட இருக்கும்!