தென்மேற்கு விலகும்போது சென்னையில் ஏன் மழை தொடங்குகிறது?

கேள்வி: தென்மேற்குப் பருவமழை விலகியது, வடகிழக்கு தொடங்கியது என்று ஒரே நாளில் செய்தி வருகிறது. நடுவில் பின்வாங்கும் பருவமழை என்று வேறு சொல்கிறார்கள். மொத்தம் எத்தனை பருவமழை? சென்னையில் ஃபிளாட்டில் இருக்கும் நான் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: இரண்டுதான். மூன்றாவதாக நீங்கள் கேட்பது தனி மழை இல்லை, தென்மேற்கு நாட்டை விட்டுக் கிளம்பும் கட்டம். பள்ளிப் பாடத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலம் முழுவதையும் அந்தப் பெயரில் படித்திருப்பீர்கள், வானிலை அறிக்கையில் அதே மாதங்கள் வடகிழக்குப் பருவமழைக் காலம். சென்னைக்காரருக்கு இந்தக் கைமாற்றம் நடக்கும் அக்டோபர் மாதம்தான் முக்கியம் என்பதால் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

தென்மேற்கு விலகுவது மேற்கு ராஜஸ்தானில் தொடங்கும், வழக்கமாக செப்டம்பர் 17 வாக்கில். ஐந்து நாள் தொடர்ந்து மழை இல்லை, காற்றில் ஈரம் நன்றாகக் குறைந்துவிட்டது, தரைக்கு மேல் ஒன்றரை கிலோமீட்டர் உயரம் வரை காற்று, காற்றழுத்தத் தாழ்வில் சுழல்வதற்கு எதிர்ப்புறமாகச் சுழல்கிறது என்ற மூன்றும் சேர்ந்தால்தான் விலகியதாக அறிவிப்பார்கள். அப்புறம் வரைபடத்தில் விலகல் எதுவரை வந்தது என்று காட்டும் கோடு கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே இறங்கி அக்டோபர் 15 வாக்கில் நாட்டை விட்டுப் போகும். டெல்லியில் இருப்பவருக்கு விலகல் என்றால் வானம் தெளிந்து மழை முடிந்தது என்று அர்த்தம். நமக்கு நேர் எதிர், அந்தக் கோடு ஆந்திரக் கரையைத் தாண்டும்போதுதான் நம் மழைக்கு வழி திறக்கிறது.

காரணம் காற்று வரும் திசை. ஜூன் முதல் செப்டம்பர் வரை வட இந்தியா சூடாகிக் காற்றழுத்தம் குறைந்திருப்பதால் அரபிக் கடலிலிருந்து காற்று உள்ளே இழுக்கப்படுகிறது, ஈரத்தின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலை கேரளத்திலும் குடகிலும் இறக்கிவிடும், மலை தாண்டி நம் பக்கம் வருவது வறண்ட காற்று. செப்டம்பர் கடைசியில் வடக்கு குளிரத் தொடங்கி அங்கே அழுத்தம் ஏறும், தாழ்வழுத்தப் பகுதி தெற்கே வங்கக் கடலுக்கு நகரும், காற்று வடகிழக்கிலிருந்து வீசத் தொடங்கும். நிலத்திலிருந்து கிளம்பும்போது அது வறண்ட காற்றுதான். ஆனால் வங்கக் கடலைக் கடந்து வரும் வழியில் ஈரத்தை அள்ளிக்கொண்டு கிழக்குக் கரையில் வந்து மோதுகிறது. சென்னைக்கு ஆண்டில் கிடைக்கும் சுமார் 140 செ.மீ. மழையில் ஏறக்குறைய 85 செ.மீ. அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வருவது இதனால்தான்.

இந்தத் தொடக்கத்தையும் சும்மா நாலு தூறல் விழுந்தவுடன் அறிவிப்பதில்லை. தென்மேற்கு கடலோர ஆந்திரம் வரை விலகியிருக்க வேண்டும், தமிழகக் கரையில் கிழக்குக் காற்று நிலையாக வீச வேண்டும், அது ஒன்றரை கிலோமீட்டர் உயரம் வரை இருக்க வேண்டும், கரையோரம் பரவலாக மழை பெய்திருக்க வேண்டும். அக்டோபர் 10-க்கு முன் அறிவிப்பதே இல்லை. சராசரித் தேதி அக்டோபர் 20, ஒரு வாரம் முன்னே பின்னே ஆகலாம். இதில் ஒரு சிக்கல் உண்டு. மழைக் கணக்கு மட்டும் அக்டோபர் 1-ஆம் தேதியே வடகிழக்குக்கு மாறிவிடும். ஆகவே அக்டோபர் முதல் வாரத்தில் உங்கள் தெருவில் கொட்டிய மழை, வடகிழக்கு இன்னும் தொடங்காமலே அதன் கணக்கில் ஏறியிருக்கும். "இதுவரை இயல்பை விட அதிகம்" என்ற செய்தியை அக்டோபர் நடுவில் பார்த்தால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2024-இல் நடந்ததைப் பாருங்கள். அக்டோபர் 15 அன்று தென்மேற்கு நாடு முழுவதும் விலகியது, வடகிழக்கு தொடங்கியது என்று இரண்டும் ஒரே நாளில் அறிவிக்கப்பட்டன. அதே சமயம் வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகி வலுத்துக்கொண்டிருந்தது. 15-ஆம் தேதி நகரில் நல்ல மழை. 16-க்கு சிவப்பு எச்சரிக்கை, அதாவது 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் பெய்யலாம் என்ற எதிர்பார்ப்பு. வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தி வைத்தார்கள். ஆனால் அடர்ந்த மேகக் கூட்டம் வடக்கே ஆந்திரப் பக்கம் ஒதுங்கியதால் 16-ஆம் தேதி பயந்த அளவுக்குப் பெய்யவில்லை, தாழ்வு மண்டலம் 17 அதிகாலையில் சென்னைக்கு வடக்கே கரை கடந்துவிட்டது.

இங்கே இரண்டு வேறு விஷயங்கள் கலந்திருந்தன. பருவமழை தொடங்கியது என்பது காற்று திரும்பியது என்ற தகவல். உங்கள் தெருவில் தண்ணீர் நிற்குமா என்பதோ அந்தக் காற்றில் ஏறி வரும் தாழ்வு எங்கே கரை தொடுகிறது, மேகம் அதன் எந்தப் பக்கம் குவிகிறது என்பதைப் பொறுத்தது. அதில் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வித்தியாசம் வந்தாலே சென்னையின் கதை மாறிவிடும். தாழ்வு இன்னும் மேலே ஒடிசா பக்கம் போய்விட்டால், காற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் நமக்கு நிலத்திலிருந்து வறண்ட காற்றுதான் வரும். நவம்பரில் "வங்கக் கடலில் புயல்" என்று டிவி அலறும்போது இங்கே சுள்ளென்று வெயில் அடிப்பது இப்படித்தான். தொடங்கிய பிறகு பத்து நாள் மழையே இல்லாமல் போவதும் சகஜம், அதை வைத்துப் பருவமழை பொய்த்துவிட்டது என்று நவம்பரிலேயே முடிவு செய்வது அவசரம்.

சரி, நீங்கள் எதைக் கவனிப்பது? அறிக்கையின் முதல் வரியைப் படியுங்கள், மாவட்டப் பட்டியலுக்கு முன்பு காரணம் எழுதியிருப்பார்கள். "மேற்கு திசைக் காற்றின் வேக மாறுபாடு காரணமாக" என்றோ "வெப்பச்சலனம்" என்றோ இருந்தால் அது தென்மேற்குக் கால மழை. பகலெல்லாம் வெந்து, மாலையில் கடல்காற்று உள்ளே வந்ததும் இடியோடு பெய்யும், அண்ணா நகரில் கொட்டும், அடையாறில் ஒரு சொட்டு விழாது, பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். ஆபீஸ் விட்டுக் கிளம்பும் நேரத்தைத் தள்ளிப் போட்டால் போதும்.

"கிழக்கு திசைக் காற்று" என்றோ "வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு" என்றோ தொடங்கினால் வேறு மாதிரி யோசியுங்கள். அந்த மழை கடலிலிருந்து வரும், பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும் வலுக்கும், விட்டு விட்டு நாள் கணக்கில் பெய்யும். தரைத்தளத்தில் கார் நிறுத்துகிறவர்கள் பார்க்க வேண்டியது இதைத்தான். அறிக்கையில் வரும் 24 மணி நேர அளவு காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரையிலானது என்பதால், ராத்திரி முழுக்கப் பெய்தது மறுநாள் தேதியில்தான் பதிவாகும்.

தண்ணீருக்காகப் பார்ப்பதென்றால், ஜூலையில் மேட்டூர் நிரம்பிய செய்தி டெல்டாவுக்கு நல்ல செய்தி, அது குடகிலும் வயநாட்டிலும் பெய்த தென்மேற்கு மழை. நமக்குப் பூண்டி, புழல், சோழவரம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நிரம்ப முக்கியமாக வடகிழக்கைத்தான் நம்ப வேண்டும். 2018-இல் அது குறைந்ததும் 2019 கோடையில் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. உங்கள் குடியிருப்பின் மழைநீர் சேகரிப்புக் குழாய்களைச் சுத்தம் செய்யச் சங்கத்தில் பேசுவதாக இருந்தால், ராஜஸ்தானில் விலகல் தொடங்கிய செய்தி வந்தவுடன் பேசுங்கள். அப்போது ஏறக்குறைய ஒரு மாதம் கையில் இருக்கும்.