மேட்டுப்பாளையம் இறங்கும் காதும் கடலில் இறங்கும் காதும்

குன்னூரிலிருந்து: ஞாயிற்றுக்கிழமை பாண்டிச்சேரியில் முதல்முறையா ஸ்கூபா போனேன். லேசா சளி இருந்தது. 3 மீட்டர்லயே இடது காது குத்துச்சு, மூக்கைப் பிடிச்சு பலமா ஊதிக்கிட்டே இறங்கிட்டேன். மேல வந்தா மாஸ்க்ல ரத்தம். இப்ப காது அடைச்சிருக்கு, என் குரலே உள்ள எதிரொலிக்குது.

ஸ்கூபா பயிற்றுநரா இருந்தவன், நம்ம ஊர்க் கணக்கிலேயே சொல்றேன். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது காது அடைக்கும், எச்சில் விழுங்கினா திறக்கும். அந்த மலைப்பாதை முழுக்க இறங்கினா கூடுற அழுத்தம் ஏறக்குறைய 2 மீட்டர் தண்ணிக்குச் சமம். பஸ்ஸில் ரெண்டு மணி நேரம் ஆகுறதை நீங்க கடலில் சில நொடியில் முடிச்சிட்டீங்க.

மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்குப் போற குழாயின் வாய் மெத்துனு இருக்கும். காதுக்குள்ளே அழுத்தத்தைச் சரிசெய்யாம ஒன்றரை மீட்டர் போல இறங்கிட்டாலே வெளி அழுத்தம் அதை அமுக்கிப் பூட்டிடும். அப்புறம் எவ்வளவு ஊதினாலும் திறக்காது, மேலே ஏறினால்தான் திறக்கும். சளி இருந்தா இன்னும் சீக்கிரம் பூட்டிக்கும். காற்று போகாத நடுக்காதில் உண்டாகிற வெற்றிடத்தை நிரப்ப, அதன் உள்சவ்வு வீங்கி நீரும் ரத்தமும் கசியும். உங்க காதில் இப்ப இருக்கிறது அதுவாத்தான் இருக்கணும். மாஸ்க்ல பார்த்ததும் பெரும்பாலும் மூக்கு வழியா வந்த ரத்தம்.

குளியலில்கூட காதுக்குள் தண்ணி போகக் கூடாது. மூக்கை பலமா சிந்தாதீங்க. வலிச்சா பாராசிட்டமால் போதும். ரெண்டு நாளுக்குள் இ.என்.டி டாக்டரிடம் காட்டுங்க. செவிப்பறை கிழியாம நீர் மட்டும் தேங்கியிருந்தா, சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் தானா வடியும்.

கோத்தகிரியிலிருந்து: பூண்டு போட்டுக் காய்ச்சின எண்ணெய் ரெண்டு சொட்டு விடச் சொல்லுங்க தம்பி. என் பையனுக்கு நீச்சல் பழகினப்ப காது அரிச்சு வலிச்சுது, அதிலதான் சரியாச்சு.

அக்கா, அது வேற நோய். உங்க பையனுக்கு வந்தது காதுத்துளையின் தோலில் வர்ற புண். காது மடலை இழுத்தாலே வலிக்கும். இவருக்கு அடைப்பு செவிப்பறைக்கு அந்தப்பக்கம், எண்ணெய் அங்கே எட்டாது. ஓட்டை விழுந்திருந்தா எட்டும், அதுதான் ஆபத்தே. டாக்டர் பார்க்கிறவரை எதுவும் விட வேண்டாம்.

ஊட்டியிலிருந்து: மூக்கைப் பிடிச்சு ஊதுறதுதானே சரியான முறை? காதடைப்பான் வச்சு, சளி மாத்திரையும் போட்டுட்டுப் போனா பிரச்சினை வராதே?

ஊதுறது சரிதான், ஊதின நேரமும் வேகமும்தான் தப்பு. தண்ணிக்கு மேலேயே ஒருமுறை மெதுவா ஊதிப் பார்க்கணும். அப்புறம் கால் கீழே, தலை மேலே வச்சு, கயிற்றைப் பிடிச்சு இறங்கி, அரை மீட்டருக்கு ஒருமுறை, வலி வரும் முன்னாடியே ஊதணும். திறக்கலைன்னா ஒரு மீட்டர் ஏறி மறுபடி முயற்சி. அப்பவும் திறக்கலைன்னா அன்னைக்கு டைவ் முடிஞ்சது. கொடுத்த பணம் போச்சேன்னு இறங்கினவங்க காதைத்தான் நான் பயிற்றுநரா இருந்த வருஷங்களில் அதிகம் பார்த்தேன்.

அடைப்பான் கூடவே கூடாது. அதுக்கும் செவிப்பறைக்கும் நடுவில் காற்று மாட்டிக்கும். மாத்திரை கடலடியில் வேகம் குறைஞ்சா, ஏறும்போது உள்ளே விரியுற காற்று வெளியேற வழியிருக்காது. கீழே இறங்காம இருந்துக்கலாம், மேலே வராம இருக்க முடியுமா?

குன்னூரிலிருந்து மறுபடி: நேத்து ராத்திரியிலிருந்து அந்தக் காதில் ஊய்னு சத்தம். படுக்கையில் புரண்டா அறையே சுத்துது.

முன்னாடி சொன்ன ரெண்டு நாளை மறந்துடுங்க, இன்னைக்கே போங்க. பலமா ஊதினதில் உள்காதின் மெல்லிய சவ்வு கிழிஞ்சிருக்கலாம். இனி மூக்கைப் பிடிச்சு ஊதவே கூடாது. பாரம் தூக்காதீங்க, முக்காதீங்க, தலையை உயர்த்திப் படுங்க. ஊட்டியில் இ.என்.டி கிடைச்சா கோயம்புத்தூருக்கு இறங்காதீங்க, மலையிறக்கம் அந்தக் காதை மறுபடி அமுக்கும். வண்டியை நீங்க ஓட்டவும் கூடாது. எவ்வளவு ஆழம், எத்தனை நிமிஷம், எத்தனை மணிக்கு மலையேறினீங்கன்னு டாக்டரிடம் சொல்லுங்க. அழுத்தம் குறையும்போது ரத்தத்தில் குமிழி உண்டாகிற நோயும் இப்படித் தலை சுத்த வைக்கும். ஆழம் குறைவான டைவில் அதுக்கு வாய்ப்பு கம்மி, ஆனாலும் அவர்தான் பிரிச்சுப் பார்க்கணும்.

கூடலூரிலிருந்து: செவிப்பறையில் ஓட்டை விழுந்தா ஆயுசுக்கும் டைவிங் இல்லையா?

அப்படியில்லை. சின்ன ஓட்டை பெரும்பாலும் சில வாரத்திலிருந்து ரெண்டு மூணு மாசத்தில் மூடிக்கும். மூடினதை டாக்டர் பார்த்து, காது தடையில்லாம திறக்குதான்னும் சோதிச்ச பிறகு இறங்கலாம். ஓட்டை விழுந்த நொடி தெரியும்: குத்தின வலி சட்டுனு விடும், குளிர்ந்த தண்ணி உள்ளே பாயும், உலகம் சுத்தும். அப்ப கயிறையோ பாறையையோ பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. உள்ளே போன தண்ணி சூடாக, ஒரு நிமிஷம்போல ஆகும், சுற்றல் அடங்கும்.

உள்காது அடிபட்டவங்க விஷயத்தில் டாக்டர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. என்னோட வேலை பார்த்த ரெண்டு பேரில் ஒருத்தர் திரும்பப் போனார், ஒருத்தர் போகவே இல்லை.

குன்னூரிலிருந்து: ஊட்டியில் பார்த்தாச்சு. செவிப்பறை கிழியலை, பின்னால் ரத்தம் கட்டியிருக்காம். கேட்கும் சோதனையில் கீச்சுச் சத்தம் சரியா பிடிபடலை. நாளைக்கு மறுபடி வரச் சொல்லியிருக்காங்க.

ரத்தம் கட்டினதில் மந்தமா, உள்காது அடிபட்டதில் மந்தமான்னு அந்தச் சோதனையே பிரிச்சுக் காட்டும். நாளைக்கு அதைக் கேட்டுட்டு வாங்க.